படைப்புக்கு எத்தனை இலை? எழுதி வாங்கும் உறுதியும் கையொப்பமிடும் எண்ணும்

கேள்வி: எங்கள் ஐயா வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்பு ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கிறது. குடும்பக் கணக்கில் மொத்தம் 34 புள்ளி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீட்டார் பொறுப்பெடுத்து நடத்துகிறோம். ஒருவர் எழுதிய குறிப்பு அடுத்தவர் கைக்கு வருவதே இல்லை. போன முறை மூன்று வேளைக்கும் 150 இலை என்று சமையல்காரரிடம் சொன்னோம். முதல் நாள் இரவு பாதி மிஞ்சியது. மறுநாள் மதியம் கடைசிப் பந்திக்கு மறுபடியும் சோறு வடிக்க வேண்டியதாயிற்று. பந்தல்காரரோ விசேஷத்தன்று பகல் பத்து மணிக்குத்தான் வந்தார். அடுத்த முறை எங்களுடையது. ஆண்டுதோறும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு பட்டியல் தயாரிப்பது எப்படி?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

படைப்புக்குரிய சாமான் சிட்டை உங்கள் வீட்டில் நிச்சயமாக இருக்கும். வேட்டி, சேலை, தேங்காய், பழம், விளக்குத் திரி என்று பெரியவர்கள் எழுதிவைத்த அந்தச் சிட்டையில் கைவைக்க வேண்டாம். அதை அப்படியே படியெடுத்து, புதிய பட்டியலுக்குள் தனித் தாளாகச் சேர்த்துவிடுங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. மாறுபவை மூன்றே: தேதி, வெளியாட்களோடு செய்துகொள்ளும் ஏற்பாடு, வருவோர் எண்ணிக்கை. உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்கள் எல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கின்றன என்பதால், இவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தேதி. பட்டியலில் எந்த வேலைக்கு நேராகவும் தேதியை எழுதாதீர்கள். விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்பு அந்த வேலை நடக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். பொங்கல் சில ஆண்டுகளில் ஜனவரி 14-லும் சில ஆண்டுகளில் 15-லும் வருவதால், தை 28 என்பது ஓராண்டு பிப்ரவரி 10 ஆகவும் மற்றோராண்டு 11 ஆகவும் அமையும்; கிழமையும் மாறும். ஆங்கிலத் தேதி போட்ட பட்டியல் அடுத்த ஆண்டு தவறான பட்டியலாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் தயாரிப்பதாக இருந்தால், B1 கட்டத்தில் விசேஷ நாளை இடுங்கள். A பத்தியில் எத்தனை நாள் முன்பு என்ற எண்ணை இடுங்கள். B பத்தியில், ஐந்தாம் வரிசை முதல், கீழ்க்கண்டதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=$B$1-A5
```

அதன்பின் ஆண்டுதோறும் B1 ஒன்றை மாற்றினால் போதும், எல்லா நாள்களும் தாமாக மாறிக்கொள்ளும். தேதிக்குப் பதிலாக 46 ஆயிரத்தை ஒட்டிய ஏதோ ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பத்தியின் அமைப்பைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும். கவனிக்க வேண்டிய பிழை வேறொன்று. ஷீட் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 10/2 என்று நீங்கள் இடுவதை அது அக்டோபர் 2 என்று எடுத்துக்கொள்ளும். File, Settings, Locale என்று போய் India என மாற்றிவிடுங்கள். மாறியதா என்று பார்க்க ஏதாவதொரு கட்டத்தில் 25/12/2026 என்று அடித்துப் பாருங்கள். அது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்தாகத்தான் பார்க்கிறது.

இனி வெளியாட்களின் ஏற்பாடு. சமையல்காரர், பந்தல்காரர், பாத்திர வாடகை, ஜெனரேட்டர், வெளியூர்க்காரர்களுக்கு அறை என்று ஐந்தாறு பேர்தான் வருவார்கள். ஆனால் 'சொல்லியாயிற்று' என்பதற்கும் 'உறுதியாயிற்று' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் பந்தல்காரர் பத்து மணிவரை நின்றிருக்கிறார். ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் நேராக மூன்று கட்டங்கள் வையுங்கள்: பேசியது, முன்பணம் கொடுத்தது, எழுத்தில் வந்தது. மூன்றாவது கட்டம் நிறையும்வரை அந்த வரிக்குப் பச்சை நிறம் கொடுக்கக் கூடாது. முன்பணத்தை யுபிஐ வழியாக அனுப்பினால் குறிப்புப் பகுதியில் 'படைப்பு, பிப்ரவரி 10, முன்பணம்' என்று எழுதி அனுப்புங்கள்; பின்னால் தேடும்போது அதுவே ஒரு சாட்சி.

எழுத்தில் வருவது என்றால் நீங்கள் அனுப்பிய செய்திக்கு அவர் 'சரி' என்று பதில் போடுவதன்று. நாம் அனுப்பியதைப் படிக்காமலே 'சரி' போடுகிறவர்கள் உண்டு. அவர் வாயால் நான்கு செய்திகள் திரும்பி வர வேண்டும்: எந்த நாள், வந்து சேரும் நேரம், எந்த வீடு, எதெல்லாம் அவர் பொறுப்பு. எழுதச் சங்கடப்படுகிறவரிடம் தொலைபேசியில் நான்கையும் கேட்டு, அவர் சொன்னபடியே நீங்கள் எழுதி அனுப்பி, அதற்குப் பதில் வாங்குங்கள். கேள்வியை 'பத்தாம் தேதிதானே?' என்று கேட்காதீர்கள், 'எந்தத் தேதி குறித்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணிவிழாவுக்குத் தை 28 என்று ஒரு சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டியதை உறுதி என்று எடுத்துக்கொண்டேன். அவர் 28 என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். ஜனவரி 28 விடியற்காலை, ஆறு ஆட்களோடு பூட்டிய வீட்டின் முகப்பில் நின்றபடி எனக்குத் தொலைபேசினார். அன்றிலிருந்து நான் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எதிரில் இருப்பவர் உடனே கேட்டுவிடுவார்.

வந்து சேரும் நேரத்தையும் இப்படியே பிரித்து எழுத வேண்டும். 'பத்தாம் தேதி காலைப் பலகாரம்' என்று சொன்னால், சமையல்காரர் ஒன்பதாம் தேதி மாலை வந்து மாவும் காய்கறியும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சமையலுக்கு வரும் ஆட்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'விடியக்காலம்' என்ற சொல்லைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். ஒருவருக்கு அது மூன்றரை, இன்னொருவருக்கு ஐந்தரை. பந்தல்காரருக்கு 'முதல் நாள் மாலை 4 மணிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்' என்று முடியும் நேரத்தை எழுதுங்கள், தொடங்கும் நேரத்தையன்று.

எதெல்லாம் அவர் பொறுப்பு என்பதில் சமையல்காரரிடம் கேட்க வேண்டியவை எரிவாயு உருளை யாருடையது, பரிமாறும் ஆட்கள் எத்தனை பேர், வாழையிலையும் தண்ணீரும் யார் வாங்குவது, மீந்ததை யார் எடுத்துக்கொள்வது ஆகியவை. ஜெனரேட்டர்காரரிடம் ஒரே கேள்வி: டீசல் வாடகையில் சேர்ந்ததா? இதை முன்பே எழுதாத வீடுகளில் விசேஷத்தன்று இரவு முகப்பில் ஒரு வாக்குவாதம் நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, கேட்பதற்குச் சிறிது கூச்சமாக இருந்தாலும் கேட்டாக வேண்டும். பங்காளிகளில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் தீட்டினால் படைப்பு தள்ளிப்போகும். 34 புள்ளி உள்ள இடத்தில் இது எப்போதாவது நடக்கக்கூடியதே. அப்போது முன்பணம் அடுத்த தேதிக்கு அப்படியே மாறுமா, அதற்கு எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்பதைப் பேசும்போதே எழுதி வாங்குங்கள். தை மாதம் முகூர்த்தங்கள் நிறைந்த மாதம் என்பதால், தேதி மாறினால் அதே சமையல்காரர் கிடைப்பது உறுதியில்லை. பட்டியலில் இரண்டாவதாக ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்கட்டும்.

இத்தனையும் எழுத்தில் வந்தபிறகும், ஏழு நாள் முன்பு ஒருமுறையும் முதல் நாள் காலை ஒருமுறையும் மறுஉறுதி கேட்க வேண்டும். இவற்றைப் பட்டியலில் தனி வரிகளாகவே எழுதுங்கள். 'நினைவிருந்தால் கேட்போம்' என்று விட்டால் யாரும் கேட்பதில்லை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். இதுதான் உங்கள் கடிதத்தின் உயிர்நிலை.

புள்ளி என்பது வரிக் கணக்கு. அது இலைக் கணக்கு ஆகாது. திருமணமான ஒவ்வோர் ஆண்மகனின் குடும்பமும் ஒரு புள்ளி என்பது செலவைப் பங்கிடுவதற்கு நேர்த்தியான அளவு. ஆனால் 34 புள்ளிக்குத் தலா நான்கு பேர் என்று பெருக்கி 136, அதை முழுதாக்கி 150 என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து விசேஷத்தன்று காலை வந்து மதியம் சாப்பிட்டுப் புறப்படும் புள்ளியும், மூன்று நாள் தங்கும் புள்ளியும் ஒன்றாக எண்ணப்பட்டுவிட்டன. அதனால்தான் இரவில் மிஞ்சி மதியம் போதவில்லை. அடுத்து, புள்ளியில் சேராத ஆனால் இலையில் உட்காரும் ஆட்கள் யாரும் எண்ணப்படவில்லை. சமையல் ஆட்கள், பரிமாறுவோர், ஓட்டுநர்கள், வீட்டைக் காக்கும் குடும்பம், வேலைக்கு வரும் பெண்கள், பூசைக்கு வருபவர் என்று சேர்த்தால் சிறிய படைப்பிலேயே 25 இலை தாண்டும். ஓட்டுநர்களை மறக்காத வீடு அரிது.

ஆகவே எண்ணிக்கைத் தாளில் வீட்டுக்கு ஒரு வரி, வேளைக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு வேளைக்கும் பெரியவர், ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள், அதற்கும் சிறியவர் என மூன்றாகக் கேளுங்கள். நடுவில் உள்ள பிள்ளைகளை அரை இலையாகவும், சிறுகுழந்தைகளைக் கணக்கில் சேர்க்காமலும் எண்ணுவது என் வழக்கம். கடைசி வரியாக 'உழைப்பாளர் இலை' என்பது அச்சிட்டே இருக்க வேண்டும், யாரும் நினைவூட்டத் தேவையில்லாதபடி.

உங்கள் அளவுள்ள வீட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துப் பார்க்கலாம். மதியத்துக்குப் பெரியவர் 138, பிள்ளைகள் 18 என்று பெயர் வந்தால், பிள்ளைகள் ஒன்பது இலை, ஆக 147. உழைப்பாளர் 28. மொத்தம் 175. முதல் நாள் இரவுக்குப் பெரியவர் 54, பிள்ளைகள் ஆறு பேர், உழைப்பாளர் 14, ஆக 71. காலைப் பலகாரத்துக்குப் பெரியவர் 84, பிள்ளைகள் 12 பேர், உழைப்பாளர் 20, ஆக 110. ஒரே எண்ணை மூன்று வேளைக்கும் சொல்லியிருந்தால் எவ்வளவு பிசகியிருக்கும் என்று பாருங்கள்.

இரவு எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் இரவு நேரம் கழித்தே காரைக்குடியில் இறங்குவார்கள். அவர்களில் சிலர் வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள், சிலர் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது; இவர்கள் புறப்படுவதோ விசேஷத்துக்கு முதல் நாள். ஆகவே பட்டியலில் '61 நாள்: வெளியூர் வீடுகளுக்கு ரயில் நினைவூட்டல்' என்று ஒரு வரி இருக்கட்டும். பயணச்சீட்டு எடுத்துவிட்ட வீட்டின் எண்ணை நம்பலாம். 'பார்க்கலாம், வருவோம்' என்கிற வீட்டின் எண்ணுக்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டு வையுங்கள்.

அடுத்தது கைமிச்சம். வீட்டார் ஒவ்வொருவரும் 'இரண்டு பேர் கூடலாம்' என்று ஏற்றிச் சொல்வார்கள். பொறுப்பில் இருப்பவர் பயத்தில் அதன்மேல் பத்து விழுக்காடு ஏற்றுவார். சமையல்காரர் தம் பெயர் கெடக் கூடாதென்று இன்னொரு பத்து ஏற்றுவார். 150 என்ற உண்மையான எண் இப்படி இரண்டு முறை ஏறினாலே 181 ஆகிவிடும். வீட்டார் ஏற்றியது அதற்கு மேல். மிச்சம் வைப்பது தவறன்று, அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் தவறு. வீட்டாரிடம் சரியான தலைகளை மட்டும் கேளுங்கள். சமையல்காரரிடம், 'நான் சொல்லும் எண்ணிலேயே மிச்சம் சேர்ந்திருக்கிறது, நீங்கள் கூட்ட வேண்டாம்' என்று எழுத்தில் சொல்லுங்கள். தாளின் அடியில் ஒரே இடத்தில் ஐந்து விழுக்காடு சேருங்கள். மேற்கண்ட எண்களோடு அதைச் சேர்த்து, அருகிலுள்ள ஐந்தின் மடங்காக முழுமைப்படுத்தினால் இரவு 75, காலை 115, மதியம் 185 என்று வரும்.

இந்த மூன்று எண்ணுக்கும் கையொப்பம் வேண்டும். 45 நாள் முன்பு சமையல்காரரிடம் பேசுவது வெறும் மதிப்பீடு. அதற்குப் போன ஆண்டின் உண்மை எண் போதும். பத்து நாள் முன்பு வீட்டுவாரியாகப் பெயர் சேர்ந்துவிட வேண்டும். பதில் வராத வீட்டுக்குச் செய்தியன்று, தொலைபேசி. நான்கு நாள் முன்பு, மளிகை வாங்குவதற்கு முன், எண் முடிவாகிவிட வேண்டும். அன்று ஒரு தாளில் 'முதல் நாள் இரவு 75, காலை 115, மதியம் 185 இலை. இதில் கைமிச்சம் சேர்ந்துள்ளது. இதற்குமேல் மாற்றம் இருந்தால் நானே தெரிவிப்பேன்' என்று எழுதி, இவ்வாண்டு பொறுப்பில் இருப்பவரும் பணக்கணக்கு வைத்திருப்பவரும் தேதியிட்டுக் கையொப்பமிட்டு, படமெடுத்துச் சமையல்காரருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பேர் எதற்கு என்றால், ஒருவருக்கு எண் குறைந்துவிடுமோ என்ற பயம், மற்றவருக்குச் செலவு கூடிவிடுமோ என்ற பயம். இரண்டு பயங்களும் ஒரே தாளில் சந்தித்தால் எண் நியாயமாக அமையும்.

சொந்த வீட்டு விசேஷத்துக்குக் கையொப்பமா என்று பெரியவர்கள் யாராவது கேட்டால், திருமணத்தில் இசைகுடிமானம் எழுதி இரு வீட்டாரும் கையொப்பமிடுகிற ஊர் இது என்று சொல்லுங்கள். மொய்க்கு ஏடு வைக்கிறவர்கள் இலைக்கு ஒரு தாள் வைப்பதில் கூச்சம் என்ன?

கையொப்பமிட்ட பின் யாரும் சமையல்காரரிடம் நேரே பேசக் கூடாது என்பதை எல்லா வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஒரு சித்தப்பா நல்ல எண்ணத்தில் 'இன்னும் இருபது சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதும், அதே இருபதை நீங்களும் சொல்வதும் எனக்குப் பழகிப்போன காட்சி. கடைசி நேரத்தில் எண் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எந்த மணி வரை என்று சமையல்காரரிடமே கேட்டு அந்த வரம்பையும் தாளில் எழுதுங்கள். காய்கறி வாங்கிய பின் குறைத்துச் சொல்வதில் பயனில்லை, அந்தப் பணம் போய்விட்டது. கூட்டிச் சொல்வது மட்டும் ஓரளவு முடியும்.

வீட்டைப் பற்றி ஒரு வரி. ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும் வளவென்றால், 15 நாள் முன்பு மோட்டாரை ஓட்டி, தொட்டியை நிரப்பி, இரண்டாங்கட்டில் எல்லா விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். மற்றவை உங்களுக்கே தெரிந்தவை.

மூலப் படிவத்தை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். வரும் ஆண்டு விசேஷத்தை நடத்துபவரிடம் அதைத் திறந்து கொடுக்காமல், File, Make a copy வழியாகப் படியெடுத்து, பெயரில் ஆண்டைச் சேர்த்துக் கொடுங்கள். மூலத்தை Data, Protect sheets and ranges கொண்டு பூட்டிவிடலாம். கணினி பழகாத வீட்டாருக்கு அதையே அச்செடுத்து ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தாலும் ஒன்றும் குறையாது, நாள்களை மட்டும் கையால் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு மதிப்பீடு சரியாக அமைய, இந்த ஆண்டு உண்மையில் எத்தனை இலை விழுந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பந்திக்கு ஓர் இளைஞரை நிறுத்தி, உட்கார்ந்தபின் இலைகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். மொத்த இலைக்கட்டிலிருந்து மீந்ததைக் கழித்துப் பார்ப்பது நம்பத்தக்கதன்று, கிழிந்த இலைகளும் பார்சலுக்குப் போன இலைகளும் அதில் சேர்ந்துவிடும். மூன்று வேளைக்கும் கையொப்பமிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் விழுந்த எண்ணை எழுதி, எது மிஞ்சியது எது தட்டியது என்று சமையல்காரரிடம் அவர் மீதிப் பணம் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிப் புறப்பட்டவரிடம் மறுநாள் கேட்டால், 'எல்லாம் சரியாக இருந்தது ஆச்சி' என்றுதான் சொல்வார்.

– விசேஷ ஏற்பாட்டாளர், காரைக்குடி